புது வகுப்புக்குப் பிள்ளைகள் சேர்க்க எந்த 24 விநாடி?

"அக்கா, வெள்ளவத்தையில் சின்னப் பிள்ளைகளுக்குப் பரதமும் வாய்ப்பாட்டும் படிப்பிக்கிறேன். வாணி விழாவில் என் பிள்ளைகள் 8 பேர் நாட்டடவு ஆடி, பிறகு 5 பேர் ஒரு கீதம் பாடினார்கள். நட்டுவாங்கம் நானேதான். ஒரு பிள்ளையின் அப்பா போனில் எடுத்த 4 நிமிட வீடியோ கையில் இருக்கிறது. தை மாதம் புது வகுப்புக்கு ஆள் சேர்க்க அதைப் போடலாம் என்று யோசிக்கிறேன். எந்தத் துண்டை எடுப்பது, எவ்வளவு நீளம், கீழே என்ன எழுதுவது?"

நாட்டடவுத் துண்டை எடுங்கள். 24 விநாடி ஆட்டம், அதன் பின்னால் 15 விநாடி கீதம், மொத்தம் 40 விநாடி அளவில் முடியட்டும். ஏன் இதை இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன் என்பதற்கு என் அனுபவத்தையே சொல்லிவிடுகிறேன்.

தெஹிவளையில் வகுப்புத் தொடங்கிய காலத்தில் முதல் முறை பதிவு போட்டபோது, அரங்கேற்றம் முடித்த மாணவி ஒருத்தி ஆடிய வர்ணத்திலிருந்து ஒரு நிமிடம் எடுத்துப் போட்டேன். அருமையான ஆட்டம்தான். 11 பேர் அழைத்தார்கள். நாலு பேருக்குக் கலியாண வீட்டிலும் கடைத் திறப்பு விழாவிலும் ஆட ஆள் வேண்டியிருந்தது. மூன்று பேர் வேறு டீச்சரிடம் பாதியில் நிற்கிற பெரிய பிள்ளைகளின் அம்மாமார். மிச்சப் பேர் எல்லாரும் ஏறக்குறைய ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள்: "எங்கட பிள்ளைக்கு ஆறு வயசுதான் டீச்சர், இப்படியெல்லாம் அவளுக்கு வராது." ஒரு பிள்ளைகூடச் சேரவில்லை. அடுத்த வருஷம் பத்து மாதம் பழகிய சின்னவர்கள் தட்டடவு ஆடியதைப் போட்டேன். ஒருத்தி பக்கத்தில் நின்றவளைப் பார்த்துப் பார்த்துத்தான் ஆடினாள். 9 பேர் அழைத்தார்கள், 6 பேர் வந்து பார்த்தார்கள், 5 பிள்ளைகள் சேர்ந்தார்கள்.

வீடியோவைப் பார்க்கிற அம்மா கலையை மதிப்பிடுவதில்லை. அந்த வரிசையில் தன் பிள்ளையை நிறுத்திப் பார்க்கிறாள். வர்ணம் ஆடுகிற பதினாறு வயதுப் பெண்ணின் இடத்தில் அவளால் தன் பிள்ளையை நிறுத்த முடியாது. அரைமண்டியில் கொஞ்சம் தடுமாறி நிற்கிற ஏழு வயதுப் பிள்ளையின் இடத்தில் நிறுத்த முடியும். அதனால் பிழையே இல்லாத துண்டைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். முழங்கால் வெளிப்பக்கம் திரும்பியிருக்கிறதா, முதுகு நேராக இருக்கிறதா, எல்லாக் கால்களும் ஒரே நேரம் தட்டுகின்றனவா, இவை மூன்றும் இருந்தால் போதும். ஒரு பிள்ளை கையைத் தவறாகப் பிடித்திருந்தாலும் பரவாயில்லை.

நாட்டடவுக்குள் எந்த 24 விநாடி என்றால், முதற்காலத்திலிருந்து இரண்டாம் காலத்துக்கு மாறுகிற இடம். தட்டுக்கழி நிமிடத்துக்கு 80 அடி விழுந்தால் ஆதி தாளத்தின் 8 அட்சரத்துக்கு 6 விநாடி. முதற்காலத்தில் வலம் ஒரு ஆவர்த்தனம், இடம் ஒரு ஆவர்த்தனம், அது 12 விநாடி. பிறகு இரண்டாம் காலத்தில் அதே இரண்டு ஆவர்த்தனத்துக்குள் வலமும் இடமும் இரண்டு தடவை வந்துவிடும், அது இன்னொரு 12. தட்டுக்கழியின் வேகம் மாறாமல் கால்கள் மட்டும் இரட்டிப்பாவது தாளமே தெரியாதவருக்கும் கண்ணில் படும். "இந்தச் சின்னதுகள் வேகமாகவும் ஆடுதுகளே" என்று தோன்றும் இடம் அதுதான். விஷயம் தெரிந்த அம்மம்மா யாராவது பார்த்தால், டீச்சர் காலப் பிரமாணம் விடாமல் படிப்பிக்கிறார் என்பதும் விளங்கும். உங்கள் பிள்ளைகள் கொஞ்சம் ஆறுதலாக ஆடுகிறவர்களாக இருந்தால் 24 விநாடி 28 ஆகும். ஆகட்டும். விநாடிக்காக ஆவர்த்தனத்தை நடுவில் வெட்ட வேண்டாம்.

வெட்டும் இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். போனில் வெட்டும்போது படத்தைப் பார்த்து வெட்டாதீர்கள், ஒலியைப் பார்த்து வெட்டுங்கள். வெட்டும் செயலியில் ஒலிக்கோட்டைக் காட்டச் சொல்லி, இரண்டு விரலால் விரித்துப் பெரிதாக்கினால் தட்டுக்கழி விழுந்த ஒவ்வொரு இடமும் முள் மாதிரி நிமிர்ந்து நிற்கும். சமத்துக்குரிய முள்ளைக் கண்டுபிடித்து, அதற்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டுங்கள். முள்ளுக்குப் பின்னால் வெட்டினால் முதல் தட்டு விழுந்த பிறகுதான் படம் தொடங்கும். பார்க்கிறவருக்குக் காரணம் தெரியாது, ஆனால் பிள்ளைகள் எல்லாரும் ஒரு அடி பிந்தி ஆடுவதுபோல ஒரு குழப்பம் இருக்கும். முடிவில் அதற்கு நேர்மாறு. கடைசித் தட்டோடு வெட்டிவிடாமல், அதன் பிறகு ஒரு விநாடி விடுங்கள். அரைமண்டியில் கை நீட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற அந்த ஒரு விநாடியில்தான் முகங்கள் தெரியும். எங்கள் வீடியோவில் அந்த இடத்தில் ஒரு சின்னவன் சிரித்துவிட்டான். வந்து பார்த்த ஒரு அம்மா, "அந்தச் சிரிச்ச தம்பி எந்த நாள் வகுப்புக்கு வாறவர்?" என்று கேட்டார்.

இப்போது படத்தின் அகலம். அந்த அப்பா போனைப் படுக்கையாகப் பிடித்து எடுத்திருந்தால், அதை 9:16 என்று நெட்டையாக வெட்ட ஆசைப்படாதீர்கள். உயரத்தை முழுதாக வைத்து அப்படி வெட்டினால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சாது. 8 பேரில் இரண்டு மூன்று பேர்தான் இருப்பார்கள், மற்றப் பிள்ளைகளின் வீட்டில் மனஸ்தாபம் வரும். சதுரமாக வெட்டினால் பாதிக்கு மேல் கிடைக்கும். நாலு நாலாக இரண்டு வரிசையில் நின்றிருந்தால் எல்லாருமே அடங்கிவிடுவார்கள். பக்கத்தில் எதை வெட்டினாலும் கீழே வெட்டாதீர்கள். பாதம் தெரியாத அடவு வீடியோவால் பிரயோசனம் இல்லை.

மண்டபத்தில் எடுத்ததில் முன்னால் இருந்தவர்களின் தலை பாதங்களை மறைத்திருந்தால், அல்லது ஸ்பீக்கர் சத்தம் கரகரவென்று பதிந்திருந்தால், அதைத் திருத்த முயல வேண்டாம். அதே பிள்ளைகள், அதே அடவு, உங்கள் வகுப்பு அறையில் ஒரு சனிக்கிழமை 20 நிமிடத்தில் மறுபடி எடுத்துவிடலாம். விழாவுக்குப் போட்ட உடுப்பையே போடச் சொல்லுங்கள். போனைப் பிள்ளைகளின் இடுப்பு உயரத்தில், ஏறக்குறைய இரண்டரை அடியில், ஒரு கதிரையில் சாய்த்து வையுங்கள். நாங்கள் நின்றுகொண்டு எடுத்தால் மேலிருந்து கீழே பார்க்கிற படம் வரும். கால்கள் குட்டையாகி, அரைமண்டி எவ்வளவு இருக்கிறது என்பதே தெரியாமல் போகும். யன்னல் போனுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பின்னால் யன்னல் இருந்தால் முகமெல்லாம் இருட்டு. தட்டுக்கழி போடுகிற நீங்கள் போனுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டாம், கட்டை அடிக்கிற சத்தம் சலங்கையை விழுங்கிவிடும். பிள்ளைகள் பக்கமாகத் தள்ளி இருங்கள்.

நட்டுவாங்கம் நீங்களே செய்தது பெரிய ஆறுதல். சீடிப் பாட்டுக்கு ஆடின வீடியோ என்றால், பேஸ்புக் அந்த ஒலிப்பதிவைக் கண்டுபிடித்துச் சத்தத்தை நிறுத்திவிடக்கூடும். சத்தமில்லாத நடன வீடியோவைப் போட்டுவிட்டு இரண்டு நாள் தெரியாமலே இருந்தவர்களை அறிவேன்.

கீதத்தைப் பின்னால் வைக்கச் சொன்னதற்கும் காரணம் உண்டு. 100ஆம் இலக்க பஸ்ஸில் காலி வீதி நெரிசலில் இருந்துகொண்டு பார்க்கிறவர் பெரும்பாலும் சத்தத்தைப் போடாமல்தான் பார்ப்பார். ஆட்டம் சத்தமில்லாமலும் விளங்கும், பாட்டு விளங்காது. ஆட்டத்தில் பிடிபட்டவர் சத்தத்தைக் கூட்டுவார், அப்போது கீதம் வரட்டும். முதல் மூன்று விநாடி படத்தின் மேல் ஒரே ஒரு வரி எழுதுங்கள்: "10 மாதம் பழகிய பிள்ளைகள், வயது 6–9". வேறு அலங்காரம் ஒன்றும் வேண்டாம். கீதம் தொடங்க முன் சுருதிப்பெட்டியின் நாதம் ஒரு விநாடி தனியாகக் கேட்கட்டும், இல்லாவிட்டால் தட்டுக்கழியிலிருந்து குரலுக்குத் தாவுவது காதுக்கு இடிக்கும். பிள்ளைகளின் குரல் நட்டுவாங்கத்தைவிட மெல்லியதாகப் பதிந்திருக்கும், அந்தத் துண்டின் ஒலியை மட்டும் கூட்டிவிடுங்கள்.

அந்த அப்பாவிடம் மூல வீடியோவைக் கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுருங்கி வரும், விரல்கள் புகை மாதிரித் தெரியும். டொக்கியுமென்ட் ஆக அனுப்பச் சொன்னால் முழுதாக வரும்.

அடுத்தது, வீடியோவைப் போட முன்னமே செய்ய வேண்டிய காரியம். படத்தில் தெரிகிற ஒவ்வொரு பிள்ளையின் அம்மாவிடமோ அப்பாவிடமோ எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். விழாவில் எடுத்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லை என்பது சம்மதம் ஆகாது. விழா மண்டபத்தில் இருந்தவர்கள் தெரிந்த நூறு பேர், பேஸ்புக்கில் பார்க்கப்போகிறவர்கள் யாரென்றே தெரியாது. நான் ஒரு முறை குழுவில் பொதுவாக, "போடலாம்தானே?" என்று கேட்டுவிட்டு, யாரும் மறுக்கவில்லை என்று போட்டேன். மூன்றாம் நாள் ஒரு அம்மா அழைத்தார். குடும்பத்தில் ஒரு பிரச்சினை, பிள்ளை எந்த ஊரில் இருக்கிறாள் என்பது சிலருக்குத் தெரியக் கூடாது என்றார். உடனே எடுத்துவிட்டேன். ஆனால் அந்த மூன்று நாளை என்னால் திருப்பி எடுக்க முடியவில்லை. இப்போது ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக, வெட்டி முடித்த வீடியோவையே அனுப்பி, இப்படி எழுதுகிறேன்:

"வணக்கம். இந்த 40 விநாடி வீடியோவைப் புது வகுப்பு அறிவித்தலுக்காக எங்கள் பேஸ்புக் பக்கத்திலும் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் போட விரும்புகிறேன். பிள்ளையின் பெயரோ பாடசாலையோ எழுத மாட்டேன். சம்மதம் என்றால் 'சம்மதம்' என்று பதில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் போட மாட்டேன். பிறகு எப்போது எடுக்கச் சொன்னாலும் அன்றே எடுத்துவிடுவேன்."

ஒருவர் வேண்டாம் என்றால் காரணம் கேட்க வேண்டாம். அந்தப் பிள்ளை இல்லாமல் மறுபடி எடுங்கள், அல்லது சதுரத்தை நகர்த்திப் பாருங்கள். முகத்தை மங்கலாக்கிப் போடுவது நல்லதில்லை. அந்தப் பிள்ளை என்ன செய்துவிட்டாள் என்று பார்க்கிறவர் யோசிப்பார்.

படத்தின் பின்னணியையும் ஒரு தரம் பாருங்கள். சுவரில் வரவுப் பட்டியல் தொங்கும், பாடசாலைச் சின்னம் போட்ட பை ஒரு மூலையில் கிடக்கும். அவை தெரியக் கூடாது. பதிவில் வீட்டு இலக்கத்தைப் போடாதீர்கள். பிள்ளைகளின் முகமும், அவர்கள் வந்து போகிற நேரமும், வாசல் எது என்பதும் ஒரே இடத்தில் எல்லாருக்கும் தெரிவது சரியில்லை. "வெள்ளவத்தை, காலி வீதிக்குக் கடற்கரைப் பக்கம், பஸ் நிற்பாட்டிலிருந்து ஐந்து நிமிட நடை" என்றால் தூரத்தைக் கணிக்கப் போதும். அழைத்துப் பேசிய பிறகு இலக்கத்தைக் கொடுங்கள்.

சரி, எழுத்துக்கு வருவோம். பதிவின் முதல் வரி வயது, இடம், நாள் மூன்றையும் சொல்லிவிட வேண்டும். போனில் இரண்டு மூன்று வரிக்குமேல் மடிந்துவிடும், மடிப்பைத் திறப்பவர் குறைவு. "கலைமகள் அருளால்" என்று தொடங்கினால் அந்த இடம் அதற்கே போய்விடும். வாழ்த்தைக் கடைசியில் வையுங்கள். இது மாதிரி:

"6 முதல் 9 வயதுப் பிள்ளைகளுக்குப் பரதம், வாய்ப்பாட்டு: வெள்ளவத்தை, சனி காலை 9 முதல் 10.30 வரை. புது வகுப்பு தைப்பூசத்தன்று தொடக்கம். வீடியோவில் ஆடிப் பாடுகிறவர்கள் சென்ற தை மாதம் சேர்ந்த பிள்ளைகள். வாரம் ஒரு வகுப்பு, வீட்டில் தினமும் 15 நிமிடம் பழகினால் இந்த அளவு வரும். ஒரு வகுப்பில் 12 பேர்தான். ஆண் பிள்ளைகளும் சேரலாம். மாதக் கட்டணம் (உங்கள் தொகை) ரூபா, இரண்டு பாடமும் சேர்த்து. முதல் மூன்று மாதத்துக்கு நடன உடுப்பும் சலங்கையும் வாங்கத் தேவையில்லை. பஞ்சாபி உடுப்பும் இடுப்பில் கட்ட ஒரு சால்வையும் போதும். சேர முன் ஒரு நாள் வந்து இருந்து பார்க்கலாம். அழைக்க: (வகுப்பு இலக்கம்), பின்னேரம் 6 முதல் 8 வரை."

இதில் இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். ஒன்று, வீடியோவில் இருப்பவர்கள் எவ்வளவு காலம் பழகியவர்கள் என்பது. அதைச் சொல்லாவிட்டால் மூன்றாம் மாதமே, "இன்னும் வீடியோவில வந்த மாதிரி ஆடேல்லையே" என்று கேட்பார்கள். உங்கள் பிள்ளைகள் வாரம் இரண்டு நாள் வந்தவர்கள் என்றால் அதையே எழுதுங்கள், கூட்டிக் குறைக்க வேண்டாம். மற்றது கட்டணம். பல டீச்சர்மார் தொகையை எழுதக் கூச்சப்படுகிறார்கள். கேட்கக் கூச்சப்படுகிற பெற்றோர் அதைவிடக் கூட. அவர்கள் கேட்காமலே போய்விடுவார்கள். நடன உடுப்பு, சலங்கை, கடைசியில் அரங்கேற்றம் என்று செலவு எங்கே போய் நிற்கும் என்ற பயம் எங்கள் ஆட்களிடம் நிறைய இருக்கிறது. அழைக்கிறவர்களிடம், மேடையும் அரங்கேற்றமும் கட்டாயமில்லை என்பதை நீங்களாகவே சொல்லுங்கள்.

வட இலங்கைச் சங்கீத சபையின் தரப் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளை அனுப்புகிறீர்கள் என்றால் ஒரு வரி எழுதலாம். இந்த வருஷம் அனுப்பும் எண்ணம் இல்லை என்றால் எழுதாதீர்கள். அந்த ஒரு வரியை நம்பியே சேர்க்கிற பெற்றோர் உண்டு.

கொழும்பில் இன்னொன்று: வீட்டில் தமிழ் பேசி, ஆங்கில மொழிமூலம் படித்த இளம் அம்மாமார் பலர் தமிழை ஆறுதலாகத்தான் வாசிப்பார்கள். தமிழ்ப் பதிவுக்குக் கீழே அதே முதல் வரியை ஆங்கிலத்திலும் ஒரு முறை எழுதுங்கள், முழுவதையும் அல்ல. சிங்களப் பிள்ளைகளும் பரதம் பழக வருவதுண்டு. உங்களால் சிங்களத்தில் விளங்கப்படுத்த முடியும் என்றால் அதையும் சேருங்கள்.

எப்போது போடுவது? தைப்பூசம் என்று நான் எழுதியது சும்மா இல்லை. எங்களுக்குள் ஏடு தொடக்குவது விஜயதசமியிலும் தைப்பூசத்திலும்தான். மார்கழியில் புதுக் காரியம் தொடங்கத் தயங்குகிற வீடுகள் இன்னும் உண்டு. ஆனால் தைப்பூசம் வரை பொறுத்துப் பதிவு போட்டால் பிந்திவிடும். பாடசாலை தொடங்கிய முதல் இரண்டு வாரத்தில் டியூஷன் நேரங்கள் முடிவாகிவிடும், சனிக்கிழமை காலை முதலில் போய்விடும். ஆகவே பாடசாலை தொடங்குகிற வாரத்தில் பதிவு, பொங்கல் கழிந்த சனிக்கிழமை வந்து பார்க்கிற நாள், தைப்பூசத்தில் வகுப்பு. பதிவை ஞாயிறு பின்னேரம் போடுங்கள், அடுத்த கிழமை அலுவல்களை வீட்டில் பேசுகிற நேரம் அது.

போட்ட பிறகு விருப்பங்களை எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு கொப்பியில் ஒவ்வொரு அழைப்புக்கும் முதல் கேள்வி என்ன என்று எழுதுங்கள். "எத்தனை வயசில இருந்து எடுப்பீங்க?" என்று மூன்று பேர் கேட்டால் முதல் வரி கண்ணில் படவில்லை, மாற்றி எழுதுங்கள். "நிகழ்ச்சிக்கு ஆள் அனுப்புவீங்களா?" என்று கேட்டால் வீடியோ வேறு கதை சொல்கிறது, படத்தின் மேல் எழுதிய வரியை இன்னும் பெரிதாகப் போடுங்கள். "வந்து பார்க்கலாமா?" என்பது முதல் கேள்வியாக வந்தால் பதிவு சரி. அப்படி வருகிறவர்களுக்கு வீடியோவில் இருந்த அதே பிள்ளைகளின் வகுப்பைக் காட்டுங்கள், பெரியவர்களின் வகுப்பை அல்ல. புதுப் பிள்ளையை ஒரு ஓரத்தில் பாயில் இருத்தி, பத்து நிமிடம் கழித்து, "வந்து தட்டிப் பாக்கிறீங்களா?" என்று கேளுங்கள். வராவிட்டால் வற்புறுத்த வேண்டாம்.

12 பேர் நிரம்பியவுடன் முதல் வரிக்கு மேல் "இடம் முடிந்துவிட்டது, அடுத்த வகுப்பு விஜயதசமிக்கு" என்று எழுதிவிடுங்கள். வீடியோவை அதிக காலம் அங்கே விட்டுவைக்காதீர்கள். நான் ஒவ்வொரு மார்கழியிலும் பழையதை எடுத்துவிட்டு, அந்த வருஷம் சேர்ந்த பிள்ளைகளின் நாட்டடவைப் புதிதாக எடுக்கிறேன்.